புதுப்பிப்பு: படகுக்காரர் நம்பர் பட்டியலும் போன் பேச்சும்

என் கேள்வி: “ஐஸ் பெட்டி விற்பனைப் பயிற்சியில் இருக்கிறேன். படகுக்காரர் பட்டியலில் ஒரே நம்பர் பலமுறை வருது. எப்படிச் சுத்தம் செய்வது, போனில் என்ன பேசுவது?”

உதவிய எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது தொண்டி அண்ணன் சொன்ன வழி: முதலில் +91, முன்னால் நிற்கும் 0, இடைவெளி எல்லாம் போய் 10 இலக்கம் மட்டும் நிற்கணும், அப்புறம்தான் ஒப்பிடணும்.

```
=RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(B2," ",""),"-",""),10)
```

ஒரே கட்டத்தில் இரண்டு நம்பர் இருந்தால் இது கடைசி நம்பரை மட்டும் எடுக்கும். அவற்றைக் கையால்தான் பிரிக்கிறேன், நல்ல வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

“ஒரே நம்பரா, அழிச்சிடு” என்ற யோசனை பாதிதான் சரி. பாம்பனில் நான்கு பெயருக்கு ஒரே நம்பர். எடுத்தவர் மீன் கமிஷன் ஏஜென்ட்; நான்கு படகும் அவரிடம்தான் மீன் போடுகின்றன. வரிசைகளை அப்படியே வைத்து, பக்கத்தில் ‘ஏஜென்ட் வழி’ என்று குறித்துவிட்டேன்.

பேச்சில் விலையைப் பின்னால் தள்ளினேன். “வணக்கம்ண்ணே, கரையிலயா இருக்கீங்க? உங்க பெட்டியில ஐஸ் எத்தனை நாள் தாங்குது?” இதைக் கேட்டதும் பழைய பெட்டியின் விரிசலை அவர்களே சொல்கிறார்கள்.

மீன் விற்கும் அம்மாவுக்குச் சின்னப் பெட்டி கேட்ட தங்கைக்குத் தனியாக எழுதுகிறேன்.

எதிர்பாராதது ஒன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் நிதானமாகப் பேசுகிறார்கள், ஆனால் காசு படகுப் பழுதுக்கே போய்விடுகிறது. “தடை முடிஞ்சதும் கூப்பிடவா?” என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்கிறேன்.