கோழிக்கூட்டின் தானியங்கிக் கதவு அந்தியில் ஏறி இறங்குகிறது: உதவி தேவை

பவானிக்கரை: ஆர்டுயினோ நானோ, 12 வோல்ட் கியர் மோட்டார், எல்.டி.ஆர். ஒளி உணரி, மேலும் கீழும் லிமிட் சுவிட்சுகள் ஆகியவற்றைக் கொண்டு நாட்டுக்கோழிக் கூட்டுக்குக் கதவு அமைத்துள்ளேன். மாலையில் மூடியதும் மீண்டும் திறந்து, மறுபடி மூடி, இப்படியே ஏறி இறங்குகிறது. கீரி நடமாட்டம் உள்ள இடம் என்பதால் விரைவாக வழி சொல்லுங்கள்.

வயல்வெளி: உணரி எந்தத் திசையைப் பார்க்கிறது? எந்த அளவில் மூடச் சொல்லியிருக்கிறீர்கள்?

மின்சுற்று: உணரியின் அளவு நடுங்குகிறது. 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை அதனுடன் இணைத்தால் சரியாகிவிடும்.

மூத்தவன்: அடிப்படையைக் கற்காமல் மோட்டாரை வாங்குபவர்கள் பெருகிவிட்டார்கள். லிமிட் சுவிட்சை நார்மலி குளோஸ்டு முறையில் இணைத்தீர்களா? எலி கம்பியைக் கடித்து அறுத்தால் மோட்டார் நிற்க வேண்டுமே தவிர, ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது.

பவானிக்கரை: உணரி வாசல் விளக்குக்கு எதிரே இருக்கிறது. 300க்குக் கீழே போனால் மூடும், மேலே போனால் திறக்கும். அந்தியில் 280க்கும் 320க்கும் இடையே அலைகிறது. விளக்கைப் போட்டால் 340 காட்டுகிறது.

வயல்வெளி: காரணம் அதுதான். திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒரே எல்லையை வைத்தால், வெளிச்சம் அந்த எல்லையைக் கடக்கும் நேரம் முழுவதும் கதவு தடுமாறும். உங்கள் சுற்றில் உள்ளது 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்றால், மின்சுற்று சொல்லும் கெபாசிட்டர் ஏறத்தாழ ஒரு வினாடி நடுக்கத்தைத்தான் அடக்கும். அந்தியோ பல நிமிடம் நீடிக்கும். எனவே இரண்டு எல்லைகள் வையுங்கள்:

```
if (v < 150) want = CLOSE;
else if (v > 400) want = OPEN;
```

இடைப்பட்ட அளவுகளில் கதவு முந்தைய நிலையிலேயே இருக்கும். விளக்கின் 340ஆல் அதைத் திறக்க இயலாது. ஆயினும் விளக்கின் ஒளி 150க்குக் கீழே இறங்கவிடாமல் தடுத்துவிட்டால் கதவு மூடவே மூடாது. ஆகவே உணரியை ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் வைத்து, விளக்குக்கு எதிர்ப்புறமாக வானத்தை நோக்கித் திருப்பிவிட்டு, அளவுகளை மறுபடி பார்த்து எல்லைகளைத் திருத்துங்கள். புதிய நிலை ஐந்து நிமிடம் தொடர்ந்த பிறகே மோட்டார் ஓடட்டும்.

தோப்புவீடு: நான் ஒளி உணரியே வைக்கவில்லை, டைமர் வைத்து ஆறரைக்கு மூடுகிறேன்.

வயல்வெளி: சென்னையில் சூரியன் மறையும் நேரம் நவம்பருக்கும் ஜூலைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேறுபடுகிறது. நவம்பரில் உங்கள் கூடு இருட்டிய பின்பும் திறந்தே கிடக்கும்.

தோப்புவீடு: மாதம் ஒருமுறை நேரத்தை மாற்றிக்கொள்கிறேன். பிற்பகலில் மழை மேகம் திரண்டால் உங்கள் கதவு கோழிகளை வெளியே நிறுத்திவிடுமே!

மூத்தவன்: அந்த ஆட்சேபம் நியாயமானது. ஐந்து நிமிடத்தில் கலையாத மேகமும் உண்டு. மாலை ஐந்து மணிக்கு முன் மூடாதபடி கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

பவானிக்கரை: குழாயையும் இரண்டு எல்லைகளையும் வைத்தேன்; நேற்று ஒரே முறை மூடி அப்படியே நின்றது. ஆனால் ஒரு விடைக்கோழி தாமதமாக வந்து வெளியே நின்றுவிட்டது. அதற்கு என்ன செய்வது?

மின்சுற்று: மூடும் எல்லையை 100 ஆக்குங்கள்.

வயல்வெளி: அதனால் எல்லாக் கோழிகளுக்கும் கதவு கூடுதல் நேரம் திறந்திருக்கும், கீரிக்கும் அப்படித்தான். ஓரிரு நாள் கோழிகள் அடையும் நேரத்தில் உணரி காட்டும் அளவைக் குறித்து அனுப்புங்கள், பிறகு முடிவு செய்யலாம்.