ஸ்கால்ப்பிங் பேக்டெஸ்ட்ல காட்டுற லாபம் நெசந்தானா? சார்ஜ், ஸ்ப்ரெட், ஸ்லிப்பேஜ் கணக்கு

நூல்கண்டு, திருப்பூர்
எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நிஃப்டி வாராந்திர ஆப்ஷன்ல ஏடிஎம் ஸ்ட்ரைக் வாங்கி 3 பாயிண்ட் டார்கெட், 3 பாயிண்ட் ஸ்டாப்லாஸ்னு ஒரு நிமிச கேண்டில்ல பைத்தான்ல பேக்டெஸ்ட் போட்டிருக்கறேன், டேட்டா 2025 ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும். நூத்துக்கு 65 ட்ரேடு ஜெயிக்குது. புரோக்கரேஜ் வாங்க விக்க 40 ரூவா கழிச்சதுக்கப்பறமும் லாபந்தான். ஆனா ஒரு லாட் வெச்சு லைவ்ல போட்டா காசு கரையுது. பேக்டெஸ்ட்ல எதை விட்டுட்டேன்னு சொல்லுங்ணா.

மஞ்சமண்டி, ஈரோடு
இதுல என்னங்க பேக்டெஸ்ட்டு, புரோக்கருதான் விலைல அடிக்கறான். நான் மஞ்சள் ஃப்யூச்சர் பண்றேன், ஸ்கிரீன்ல ஒரு விலை இருக்கும், பட்டனை அமுக்குனா வேற விலைல விழுகும். புரோக்கரை மாத்துங்க, எல்லாஞ் சரியாயிரும்.

அவிநாசிரோடு, கோவை
மஞ்சமண்டிண்ணா, ஆர்டரு எக்ஸ்சேஞ்சுக்குப் போயி எதிர்ல யாரு விக்க நிக்கறாங்களோ அவிங்க விலைக்குத்தான் சேருது, நடுவுல புரோக்கரு விலை வெக்க முடியாது. ஸ்கிரீன்ல பெருசாத் தெரியறது கடைசியா நடந்த விலைங்க. நீங்க வாங்கப் போனா விக்கறவன் கேக்கற விலை, விக்கப் போனா வாங்கறவன் குடுக்கற விலை, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி உங்க தலைலதான். மஞ்சள்ல அது நிஃப்டிய விட அகலம்.

தம்பி நூல்கண்டு, மொதல்ல பில்லை முழுசாப் போடுங்க. 2025 கணக்குல ஒரு லாட் 75 எண்ணம், அதைப் பிரீமியம் 120ல வாங்கி 123ல வித்தீங்கன்னு வெச்சுக்கங்க, கட்டணமும் அந்த வருச ரேட்டுதான். புரோக்கரேஜ் 40. விக்கற பக்கம் எஸ்டிடி 0.1 சதம், 9,225 ரூவாய்க்கு 9 ரூவா சொச்சம். என்எஸ்இ பரிவர்த்தனைக் கட்டணம் 0.03503 சதம் ரெண்டு பக்கமும் உண்டு, அது 6.38 வருது. புரோக்கரேஜ், பரிவர்த்தனைக் கட்டணம் ரெண்டுக்கும் மேல 18 சதம் ஜிஎஸ்டி, அது 8.35. வாங்கற பக்கம் ஸ்டாம்ப், செபி கட்டணமெல்லாம் சில்லறைக் காசு. ஆகமொத்தம் 64 ரூவா. 75ஆல வகுத்தா பாயிண்ட்டுல 0.86.

இப்ப உங்க உத்தி சராசரியா என்ன தருதுன்னு பாருங்க. 65 தடவை 3 பாயிண்ட் வருது, 35 தடவை 3 பாயிண்ட் போகுது, ட்ரேடுக்கு 0.9 பாயிண்ட் நிக்குது, அதாவது 67 ரூவா 50 காசு. அதுல 64 போனா மிச்சம் மூணு ரூவா. ஸ்லிப்பேஜுன்னு ஒரு காசு கூட இன்னும் கழிக்கலைங்க.

இன்னொண்ணு, பழைய டேட்டாவையும் சேத்து ஓட்டறதா இருந்தா கட்டணத்தைத் தேதி வாரியா வைங்க. ஆப்ஷன் எஸ்டிடி 2024 அக்டோபர் 1லதான் 0.1 ஆச்சு, அதுக்கு முந்தி 0.0625. லாட் சைஸும் அப்ப வேற.

கணக்குப்பிள்ளை, கரூர்
இதுக்கு ஏனுங்க இவ்வளவு பயம்? 20 ரூவா புரோக்கரேஜ் ஆர்டருக்குத்தானே, லாட்டுக்கு இல்லியே. 10 லாட் போடச் சொல்லுங்க. நான் கணக்குப் போட்டுட்டேன், அதே 120, 123 விலைல மொத்தச் சார்ஜு 218 ரூவாதான் வருது, 750ஆல வகுத்தா 0.29 பாயிண்ட். 0.9ல 0.29 போனா 0.61, ட்ரேடுக்கு 457 ரூவா சுளையா நிக்குது. உத்தில கோளாறே இல்ல, ஒத்த லாட்டுல ஸ்கால்ப் பண்றதுதான் கோளாறு.

நூல்கண்டு, திருப்பூர்
அண்ணா அப்பிடின்னா பனியன் பீஸுக்கு நூல் காசை மட்டும் கழிச்சு வேஸ்டேஜை விட்டுட்ட கதைதான் என்துது. ஆனா கரூரண்ணா சொல்றதைப் பாத்தா 10 லாட்டுக்குப் போனா தேறிரும்போல இருக்குதுங்களே?

அவிநாசிரோடு, கோவை
கணக்குப்பிள்ளை சொன்ன 0.29 சரிதானுங்க, அதுல சண்டையே இல்ல. ஏடிஎம் ஸ்ட்ரைக்ல காலைப் பரபரப்பு அடங்குனதுக்கப்பறம் 750 எண்ணம் பெருசா விலையைக் கலைக்கவும் கலைக்காது. 9.15 மணிக்கோ, தள்ளி இருக்கற ஸ்ட்ரைக்குலயோ போட்டா அது வேற, மேல் விலைல இருக்கற எண்ணத்தைத் தின்னுட்டு அடுத்த விலைக்கு ஏறும்.

ஆனா நீங்க ரெண்டு பேருமே அந்த 65ஐ அப்பிடியே நம்பறீங்க பாருங்க, எனக்கு அங்கதான் சந்தேகம். தம்பி, ஒரே கேண்டிலோட ஹை உங்க டார்கெட்டையும் லோ உங்க ஸ்டாப்பையும் தொட்டிருந்தா உங்க கோடு எதை மொதல்ல பாக்குது? 120 ரூவா பிரீமியத்துல 3 பாயிண்ட்டுங்கறது ஒண்ணுமே இல்லீங்க, ஒரு நிமிசத்துக்குள்ள மேல போயிட்டுக் கீழயும் வந்துரும். எது முன்னாடி நடந்துச்சுன்னு ஒரு நிமிசக் கேண்டில் சொல்லவே சொல்லாது.

ரெண்டாவது, டார்கெட் லிமிட் ஆர்டரு. ஹை 123.00ஐத் தொட்டா வித்தாச்சுன்னு எழுதியிருப்பீங்க. 123.00ல உங்களுக்கு முன்னாடி ஆயிரக்கணக்கான எண்ணம் வரிசைல நிக்கும், அதுல கொஞ்சந்தான் வித்திருக்கும், விலை திரும்பிரும். தொட்டுட்டுத் திரும்புன ட்ரேடெல்லாம் பேக்டெஸ்ட்ல லாபம், லைவ்ல அதுல கொஞ்சம் ஸ்டாப்புலயும் போயி முடியும். 123.05லயும் வியாபாரம் நடந்திருந்தாத்தான் என்துதும் வித்திருக்கும்னு எடுத்துக்கறது வழக்கம்.

மூணாவது ஸ்டாப். என்எஸ்இ ஆப்ஷன்ல எஸ்எல்-எம் கிடையாது, எஸ்எல் லிமிட் மட்டுந்தான், அதனால ட்ரிக்கருக்குக் கொஞ்சம் கீழ லிமிட் வெச்சுத்தான் வெளிய வரணும். சரியா 117.00லயே வந்துட்டேன்னு எழுதக் கூடாது. கேண்டில் 117க்குக் கீழயே ஓப்பன் ஆச்சுன்னா அந்த ஓப்பன் விலைல இருந்துதான் கழிக்கணும்.

```python
TICK = 0.05
if low <= sl:
    exit_px = min(sl, open_) - sl_slip
elif high >= target + TICK:
    exit_px = target
```

சிக்னல் வந்த கேண்டிலோட க்ளோஸ்லயே வாங்குனதா இருந்தா அதையும் மாத்துங்க, அடுத்த கேண்டில் ஓப்பன்ல, அதுக்கும் மேல ஸ்லிப்பேஜ் சேத்து. க்ளோஸ்ங்கறது யாரோ ஒருத்தர் கடைசியா வித்த விலை, வாங்கறவன் குடுக்கற விலைல நடந்த வியாபாரமாக் கூட இருக்கலாம். அடுத்த நொடி ஒண்ணு விக்கறவன் கேட்ட விலைல நடந்துச்சுன்னா விலை ஏறாமயே ஏறுன மாதிரி தெரியும். எறக்கத்துல வாங்கற உத்தியா இருந்தா இந்த ஆட்டமே லாபமா வந்து நிக்கும்.

கணக்குப்பிள்ளை, கரூர்
எப்பப் பாத்தாலும் ஸ்டாப்தான் மொதல்லன்னு வெச்சா நல்ல உத்தியையும் சேத்துக் கொன்னுருவீங்க சாமி. ரெண்டும் தொட்ட கேண்டில்ல பாதிலயாவது டார்கெட் முந்தி அடிச்சிருக்கும். நீங்க சொல்றதும் பொய்க் கணக்குதான், என்ன, நஷ்டத்துப் பக்கம் சாஞ்ச பொய்.

அவிநாசிரோடு, கோவை
ஒத்துக்கறேனுங்க. அதனால ரெண்டு விதமாவும் ஓட்டுங்க, ஸ்டாப் மொதல்ல ஒருக்கா, டார்கெட் மொதல்ல ஒருக்கா. ரெண்டு முடிவுக்கும் வித்தியாசம் கொஞ்சமா இருந்தா ஒரு நிமிச டேட்டாவே போதும். வித்தியாசம் லாபத்தையே விழுங்கற அளவுக்கு இருந்தா அந்த டேட்டா இந்த உத்திக்குப் பத்தாது, டிக் டேட்டா வேணும். டார்கெட்டும் ஸ்டாப்பும் 20 பாயிண்ட்டுன்னா இந்தப் பிரச்சனை பெரும்பாலும் வராது.

மஞ்சமண்டி, ஈரோடு
அது சரிங்க, ஸ்லிப்பேஜ் எவ்வளவுன்னு எப்பிடித் தெரியும்? ஆளாளுக்கு அரை பாயிண்ட்டுங்கறான், கால் பாயிண்ட்டுங்கறான்.

அவிநாசிரோடு, கோவை
வாய்க்கு வந்ததைப் போடக் கூடாதுங்க. தம்பிதான் ஒத்த லாட்டுல ஏற்கனவே ஓட்டிட்டாரே, அந்த நஷ்டத்துலயே இதுக்குப் பதில் இருக்குது. சிக்னல் வந்தப்ப கோடு பாத்த விலை லாக்ல இருக்கும், ஆர்டரு சேந்த சராசரி விலை ட்ரேடுபுக்ல இருக்கும். ரெண்டையும் ட்ரேடு வாரியாக் கழிச்சுப் பாருங்க. நுழையறது தனி, டார்கெட் தனி, ஸ்டாப் தனி. மூணையும் ஒண்ணாச் சராசரி போட்டா ஸ்டாப்புல போற பெரிய காசு மறைஞ்சிரும். காலைல மொத கால் மணி நேரத்தையும், எக்ஸ்பைரி நாள் மத்தியானத்தையும் பிரிச்சே வைங்க, அந்த நேரத்துல ஆர்டர் புத்தகம் வேற மாதிரி இருக்கும்.

நூல்கண்டு, திருப்பூர்
அண்ணா பாத்துட்டேன். கோடு டார்கெட்டைத்தான் மொதல்ல பாத்திருக்குது. ட்ரேடுபுக் கணக்குப்படி நுழையறப்ப சராசரி 0.15 போகுது, ஸ்டாப்புல 0.40. டார்கெட், ஸ்டாப் ரெண்டையும் சிக்னல் விலைல இருந்தே வெச்சு நீங்க சொன்ன மாதிரி மறுபடி ஓட்டுனா 65 போயி 60ன்னு வருது. 60க்கு 3 பாயிண்ட் வரவு, 40க்கு 3.40 செலவு, 0.44. அதுல நுழையற 0.15 போனா 0.29 நிக்குது. ஒத்த லாட்டுச் சார்ஜு 0.86 கழிச்சா ட்ரேடுக்கு 43 ரூவா நட்டம். லைவ்லயும் 40 சொச்சந்தான் போயிட்டிருந்துச்சு!

கரூரண்ணா சொன்ன 10 லாட்டுக்குப் பாத்தா 0.29ல 0.29 போயி பூச்சியம். டார்கெட் மொதல்லன்னு வெச்சா 63 வருதுங்க.

அவிநாசிரோடு, கோவை
லைவோட சேந்துதே, அதுதான் வேணும். இனிமே அந்த மாடல் சொல்றதை நம்பலாம். ஆனா அந்த 0.15, 0.40 ரெண்டும் 75 எண்ணத்துக்கு அளந்தது, 750க்கு அதே இருக்கும்னு எழுதி வெக்காதீங்க.

கணக்குப்பிள்ளை, கரூர்
60க்கும் 63க்கும் நடுவுல எங்கியோ இருக்குது, 10 லாட்டுல அது லாபம். 61.5ன்னு வெச்சுப் பாருங்க, 1.845ல 1.309 போயி, 0.15 போயி, 0.29 போயி கிட்டத்தட்ட 0.10 நிக்குது. 750க்கு 70 ரூவா. அதுக்கும் மேல, நுழையறப்பவும் லிமிட் போட்டா அந்த 0.15 மிச்சம். லாட்டை இன்னும் ஏத்துனா சார்ஜு இன்னும் எறங்கும்.

அவிநாசிரோடு, கோவை
ரொம்ப எறங்காதுங்க. எஸ்டிடி, பரிவர்த்தனைக் கட்டணம், அதுக்கு ஜிஎஸ்டி எல்லாம் பிரீமியத்துல சதவீதம், எத்தனை லாட்டு போட்டாலும் 120 ரூவா பிரீமியத்துக்கு 0.23 பாயிண்ட்டுக்குக் கீழ போகாது. 1,800 எண்ணத்தைத் தாண்டுனா ஒரே ஆர்டராப் போகாது, பிரிச்சுத்தான் போடணும், ஆர்டருக்கு 20 ரூவா மறுபடி.

லிமிட்ல வாங்குனா 0.15 மிச்சம்னு எழுதறதுலயும் ஒரு ஓட்டை இருக்குது. வெல மேல ஓடறப்ப உங்க லிமிட் சேராது, நல்ல ட்ரேடு கை விட்டுப் போயிரும். கீழ விழுகறப்பத் தவறாமச் சேரும். அப்ப 61.5 அங்கியே நிக்குமுங்களா? சேராமப் போன ஆர்டரையும் லாக்ல எழுதி வைங்க, அதெல்லாம் சேந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு பின்னாடி பாக்கலாம்.

கணக்குப்பிள்ளை, கரூர்
எழுதறேன். ஒரு மாசத்துல கொண்டாந்து காட்டறேன், நீங்க சொல்ற அளவுக்கு நல்ல ட்ரேடு நழுவுதுன்னு எனக்குத் தோணலை.

மஞ்சமண்டி, ஈரோடு
மஞ்சளுக்கு நான் என்ன பண்றதுங்க? ஒரு நிமிசத்துல வியாபாரமே நடக்காத கேண்டிலெல்லாம் இருக்குது.

அவிநாசிரோடு, கோவை
எண்ணம் பூச்சியமா இருக்கற கேண்டில்ல வாங்குனதாவோ வித்ததாவோ எழுதாதீங்கண்ணா. உங்க சாஃப்ட்வேர் பழைய விலையை அப்பிடியே இழுத்து அந்த நிமிசத்துல ரொப்பி வெச்சிருக்குதான்னு மொதல்ல பாருங்க.