அடுத்த நிறுவனத்தின் ஆட்கள் நம் அறிக்கையில் தெரிந்த அனுபவங்கள்

இரவுப்பணி

பல நிறுவனங்கள் ஒரே டேட்டாபேஸைப் பகிர்ந்துகொள்ளும் சம்பளப் பட்டியல் மென்பொருள் ஒன்றில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு டேபிளிலும் நிறுவன எண் உண்டு. ஒரு நிறுவனம் தன் வரிகளை மட்டுமே பார்க்கும்படி போஸ்ட்கிரெஸ் வரிசைப் பாதுகாப்புக் கொள்கையும் போட்டிருக்கிறோம். திரைகள் அனைத்தையும் இரண்டு நிறுவனங்களின் கணக்குகளில் மாறிமாறி நுழைந்து பார்த்தாயிற்று. அப்படியிருந்தும் ஒரு மாத முடிவில் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் மனிதவள அலுவலர் அழைத்து, "பி.எஃப். அறிக்கையின் கடைசியில் இருக்கும் பன்னிரண்டு பேர் யார்? எங்களிடம் அப்படி யாருமே இல்லையே" என்று கேட்டார்.

அந்த எக்செல் கோப்பைத் திறந்தபோது முதல் 500 வரிகள் சரியாக இருந்தன; 501ஆம் வரியிலிருந்து பெயர்கள் வேறொரு நிறுவனத்தினுடையவை. அறிக்கை பின்னணிப் பணியாக ஓடுகிறது, 500 வரிகளாகப் பிரித்துப் படிக்கிறது. தொடக்கத்தில் ஒரு கனெக்‌ஷனில் நிறுவன எண்ணைப் பதித்துவிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் பூலிலிருந்து புதிதாக ஒரு கனெக்‌ஷனை வாங்குகிறது. இரண்டாம் பகுதிக்குக் கிடைத்த கனெக்‌ஷனில், முன்பு ஓடிய வேறொரு நிறுவனத்தின் எண் அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் நிறுவனத்தில் 520 பேர், மற்றதில் 512 பேர். ஆகவே இவர்களுடைய கடைசி 20 பேர் விடுபட்டு, அவர்களுடைய கடைசி 12 பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்கள் சோதனை நிறுவனங்கள் ஒவ்வொன்றிலும் பத்துப் பணியாளர்கள்தான் இருந்தார்கள். இரண்டாம் பகுதி என்ற ஒன்றே அங்கு வந்ததில்லை. என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. அதற்கு முன்பே இன்னொரு வாடிக்கையாளர், "சில பெயர்கள் விடுபட்டுள்ளன" என்று புகார் அளித்திருந்தார். ஒட்டியிருந்த எண் 500 பேருக்குக் குறைவான நிறுவனத்தினுடையதாக இருந்தால் அந்நியப் பெயர் எதுவும் வராது, நம்முடையவை காணாமல் மட்டுமே போகும். அந்தப் புகாரை ஆதரவுக் குழு வேறு ஏதோ பிழை என்று மூடிவிட்டது.

கணக்குப்பிள்ளை

இத்தனை சிக்கலும் ஒரே டேட்டாபேஸில் எல்லோரையும் குடிவைப்பதால் வருவது. நிறுவனத்துக்கு ஒரு டேட்டாபேஸ் என்று பிரித்துவிட்டால் இதைச் சோதிக்க வேண்டிய தேவையே இல்லை. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

எங்களுக்கு நேர்ந்த ஒரே சங்கடம் முகப்புப் பலகையில்தான். மாத விற்பனைத் தொகையை ரெடிஸ் கேஷில் சேமித்து வைத்தோம். சாவியின் பெயர் `sales:2023:04` என்று இருந்தது. காலையில் முதலில் நுழைந்த நிறுவனத்தின் தொகையே அடுத்து நுழைந்த எல்லா நிறுவனங்களுக்கும் தெரிந்தது. ஒரு சிறு கடைக்காரர் தம் விற்பனை கோடிக்கணக்கில் காட்டுவதைப் பார்த்து மகிழ்ச்சியோடு அழைத்தார். அது கேஷின் குறை, டேட்டாபேஸின் குறை அல்ல.

பூட்டுச்சாவி

கணக்குப்பிள்ளை அவர்களே, டேட்டாபேஸைப் பிரித்தால் சோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிரித்த பின்னும் கசிந்த கதையை நீங்களே சொல்கிறீர்கள். வாடிக்கையாளருக்குக் கேஷும் ஒன்றுதான், டேபிளும் ஒன்றுதான்.

என் அனுபவம் சிறியது. எங்கள் வரிசைப் பாதுகாப்புக் கொள்கை எல்லாச் சோதனைகளிலும் தேறியது; ஆனால் உண்மையில் அது ஒருநாளும் வேலை செய்யவில்லை. செயலி உள்நுழைந்த பயனர்தான் டேபிள்களின் உரிமையாளர், உரிமையாளரைக் கொள்கை கட்டுப்படுத்தாது. சோதனைகள் தேறியதற்குக் காரணம், நிரலில் தனியாக எழுதியிருந்த வடிகட்டிகள். புதிதாக எழுதிய ஒரு வினவலில் வடிகட்டி விடுபட்டபோதுதான் உண்மை வெளிவந்தது.

இனி நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் இது:

```sql
ALTER TABLE payslips FORCE ROW LEVEL SECURITY;
```

இதைப் போட்டாலும் சூப்பர்யூசருக்கும் `BYPASSRLS` உரிமை பெற்றவருக்கும் தடை இல்லை. எனவே சோதனையை உற்பத்திச் சூழலின் அதே பயனரில்தான் ஓட்ட வேண்டும். அடுத்து, சோதனைச் சூழலில் பூலின் அளவை 1 என்று குறைத்துவிடுங்கள். எல்லாக் கோரிக்கைகளும் ஒரே கனெக்‌ஷனில் வந்து விழும்போது ஒட்டியிருக்கும் எண் மறைய இடமில்லை. நிறுவனம் அ, நிறுவனம் ஆ, பிறகு நிறுவன எண்ணே பதிக்காத ஒரு கோரிக்கை என்று மூன்றையும் அனுப்புங்கள். மூன்றாவதற்கு வெற்றுப் பதிலோ பிழையோ வர வேண்டும். ஒரு வரி வந்தாலும் கசிவுதான். எண்ணைப் பதிக்க `SET` வேண்டாம், டிரான்சாக்‌ஷனுக்குள் `SET LOCAL` போடுங்கள், முடிந்ததும் தானே விலகிவிடும்.

விலகிய பிறகு அதே கனெக்‌ஷனில் `current_setting('app.tenant_id', true)` என்று கேட்டால் `NULL` வராது, வெற்றுச் சரம் வரும். அதை எண்ணாக மாற்ற முயலும் கொள்கை பிழை எறியும். அது நல்ல பிழை. அந்தப் பிழையை நிறுத்துவதற்காக ஒருவர், வெற்றாக இருந்தால் எல்லா வரிகளையும் காட்டு என்று கொள்கையில் சேர்த்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தணிக்கைமேசை

நான் நிரல் எழுதுபவள் அல்ல, இந்த மென்பொருள்களைப் பயன்படுத்தும் தணிக்கை உதவியாளர். எங்களுக்கும் இதே அனுபவம் உண்டு. இரண்டு வாடிக்கையாளர்களின் கணக்குகளையும் ஒரே உள்நுழைவில்தான் பார்க்கிறோம். ஒரு தாவலில் முதல் நிறுவனத்தின் செலவுச் சீட்டைத் திறந்து வைத்துவிட்டு, இன்னொரு தாவலில் இரண்டாம் நிறுவனத்துக்கு மாறினேன். திரும்பி வந்து சேமித்தபோது சீட்டு இரண்டாம் நிறுவனத்தில் போய் ஏறியது. மேலே முதல் நிறுவனத்தின் பெயர்தான் தெரிந்துகொண்டிருந்தது.

கணக்குப்பிள்ளை

இரண்டிலும் உங்களுக்கு அனுமதி உண்டு என்பதால் இது கசிவு ஆகாது, பயனரின் கவனக்குறைவு.

பூட்டுச்சாவி

நான் உடன்படவில்லை. எந்த நிறுவனம் என்பதைக் குக்கீயில் வைத்தால் எல்லாத் தாவல்களுக்கும் ஒரே விடைதான் கிடைக்கும். பக்கத்தின் இணைய முகவரியிலேயே நிறுவன எண் இருந்திருந்தால் இவருடைய சீட்டு இடம் மாறியிருக்காது. இரண்டு நிறுவனங்களுக்கும் பொதுவான பயனர் ஒருவர் உங்கள் சோதனைத் தரவில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

கூட்டுத்தொகை

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். பெயர் தெரியும் அறிக்கைகளில் கசிவைப் பிடிப்பது எளிது. மொத்தத் தொகையும் வரைபடமும் மட்டும் உள்ளவற்றில் யாருடைய பெயரைத் தேடுவது? நாங்கள் சோதனை நிறுவனம் அ-வில் 600 பணியாளர்களை வைத்து, எல்லோருக்கும் சம்பளம் 1 ரூபாய் என்று ஏற்றினோம். ஆ-வில் 700 பேர், ஆளுக்கு 10,000 ரூபாய். அ-வின் மொத்தம் 600 அல்லாமல் 10,600 என்று வந்தால் ஒரே ஒருவர் உள்ளே நுழைந்திருக்கிறார். ஆள் விடுபட்டாலும் தொகை 600-க்குக் கீழே இறங்கிக் காட்டிக்கொடுக்கும். இந்த முறையில் அகப்பட்டது ஒரு மெட்டீரியலைஸ்டு வியூ. அதன் மீது வரிசைப் பாதுகாப்பைப் போடவே இயலாது என்பதைத் தொகையைப் பார்த்த பிறகுதான் எங்கள் குழுவில் பலர் அறிந்தார்கள்.

இரவுப்பணி

அனைவருக்கும் நன்றி. பூட்டுச்சாவி அவர்கள் சொன்னபடி பூலை 1 ஆக்கி, திருத்துவதற்கு முந்தைய நிரலின் மீது ஓட்டிப் பார்த்தேன். அ-வின் அறிக்கையும் ஆ-வின் அறிக்கையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியபோது இரண்டும் தேறிவிட்டன. ஒரே கனெக்‌ஷன் என்பதால் இரண்டாம் பகுதிக்கும் சரியான எண்ணே கிடைத்தது. எண் பதிக்காத மூன்றாவது கோரிக்கைதான் ஆ-வின் வரிகளைக் கொட்டியது. வாடிக்கையாளர் கண்ட அதே 12 பேரை வரவழைக்க, அ-வின் முதல் பகுதி முடிந்ததும் நிறுத்தி, இடையில் ஆ-வை ஓடவிட்டு, பிறகு அ-வைத் தொடர வேண்டியிருந்தது. ஆகவே மூன்றாவது கோரிக்கையை யாரும் விட்டுவிட வேண்டாம்.

எனக்கு இன்னும் தெளியாதது ஒன்று. உற்பத்திச் சூழலில் செயலிக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே பிஜிபவுன்சர் டிரான்சாக்‌ஷன் முறையில் நிற்கிறது. செயலியின் பூலை 1 ஆக்கினாலும் அதற்கு அப்பால் பல கனெக்‌ஷன்கள் இருக்கின்றன. சோதனைச் சூழலில் அங்கும் `default_pool_size = 1` என்று வைக்கலாமா, அல்லது உற்பத்தி அளவையே வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கோரிக்கைகளை ஒருசேர அனுப்பிப் பார்ப்பதா? எங்கள் குழுவில் இதில் இரு கட்சி.

பூட்டுச்சாவி

இரண்டையும் ஓட்டுங்கள். முதலாவதை ஒவ்வொரு நிரல் சேர்ப்பிலும், இரண்டாவதை இரவில். ஆனால் இரண்டாவது தேறினால் அதை நம்பாதீர்கள்; தோற்றால் மட்டும் நம்புங்கள்.