இணையாமல் போன இரண்டு கட்டடங்கள்: ஒட்டுப் புள்ளிகளோடு பட்ட அனுபவங்கள்

கரையோரன்:
வால்ஹைம் விளையாட்டில் குளக்கரையில் ஒரு கூடத்தையும், சற்றுத் தள்ளி ஒரு பட்டறையையும் தனித்தனியாகக் கட்டி முடித்தபின், இரண்டையும் நடைபாதையால் இணைக்க முயன்றேன். கூடத்திலிருந்து 2 மீட்டர் தரைப்பலகைகள் எட்டையும், 1 மீட்டர் பலகை ஒன்றையும் ஒட்டியபின்னும் ஒரு கையளவு இடைவெளி மிஞ்சியது. அதோடு, நடைபாதை பட்டறை வாசலுக்கு நேராக நில்லாமல் அரை மீட்டர் பக்கவாட்டில் விலகியிருந்தது. உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

பனிமலை:
இரண்டையும் வெவ்வேறு கோணத்தில் வைத்திருப்பீர்கள். அங்கே சுழற்சி 22.5 பாகைப் படிகளில் நடப்பதால் மொத்தம் 16 திசைகளே உண்டு. ஒரே திசையில் திருப்பி வைத்தால் எல்லாம் தானாகப் பொருந்தும்.

தச்சன்மகள்:
கோணம் பற்றிச் சொன்னது சரி, ஆனால் பொருந்துவதற்கு அது மட்டும் போதாது. அந்த உலகத்தில் நிலையான கட்டவலை கிடையாது. ஒரு துண்டு அருகிலுள்ள துண்டின் ஒட்டுப் புள்ளியைத்தான் பிடிக்கிறது. தரையில் வைக்கும் முதல் துண்டு சுட்டி காட்டிய இடத்திலேயே அமர்ந்துவிடுவதால், இரண்டு முதல் துண்டுகளுக்கு இடையிலான தூரம் 2 மீட்டரின் மடங்காக அமைவது தற்செயலே. நானும் ஒரு மதில் முழுவதையும் இடித்துக் கட்டிய பிறகுதான் இதை உணர்ந்தேன். இப்போதெல்லாம் முதல் கட்டடத்திலிருந்து தரைப்பலகைகளைத் தரையோடு தரையாகச் சங்கிலிபோல் கொண்டுபோய், அதன் கடைசிப் பலகையிலிருந்தே இரண்டாவது கட்டடத்தைத் தொடங்கிவிட்டு, இடையிலுள்ளவற்றை அகற்றிவிடுகிறேன்.

கரையோரன்:
பட்டறையை இடிக்க மனம் வரவில்லை. Shift விசையை அழுத்தி, ஒட்டாத நிலையில் கடைசிப் பலகையை மற்றதன்மேல் சற்றே ஏற்றி வைத்தேன். தாங்குதிறன் தொடுதலால் வருவதால் அது விழவில்லை, ஆனால் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும் இடத்தில் மேற்பரப்பு மினுங்கிக்கொண்டே இருக்கிறது.

வீட்டுப்பிரியை:
சிம்ஸ் 4 விளையாட்டில் எனக்கும் இதே தொல்லைதான். Alt விசையை அழுத்தி நாற்காலியை மேசையிலிருந்து கொஞ்சம் விலக்கி அழகாக வைத்தேன். பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் சாப்பிட வந்தவர்கள் அதை விட்டுவிட்டுச் சோபாவில் போய் அமர்ந்தார்கள்.

தச்சன்மகள்:
இது வேறு வகைச் சிக்கல். அங்கே கட்டவலை நிலையானது, அதனால் பொருந்தாமை வராது. நாற்காலி மேசைக்குரிய கட்டத்தை விட்டு விலகினால், அதைச் சாப்பாட்டு நாற்காலியாக விளையாட்டு கருதாமல் போகலாம். பழைய இடத்துக்குத் திருப்பிப் பாருங்கள்.

கல்லடுக்கி:
மைன்கிராஃப்டில் கட்டைகள் எல்லாம் 1 மீட்டர்க் கட்டங்களிலேயே அமர்வதால் பாலத்தில் கால் மீட்டர் இடைவெளி விழ வழியே இல்லை. ஆயினும் என் கோட்டைச் சுவர் 10 கட்டம் அகலமாக அமைந்துவிட, ஒற்றைக் கதவை நடுவில் வைக்க முடியாமல் திண்டாடினேன்.

பனிமலை:
சரி, திருத்திக்கொள்கிறேன். ஆனால் சரிவான நிலத்தில், பலகைகள் மண்ணுக்குள் புதையும் இடத்தில் அந்தச் சங்கிலியை எப்படிக் கொண்டுபோவது?

தச்சன்மகள்:
கம்பங்களை நட்டு, அவற்றின் உச்சியில் உயர்த்திப் போட்டிருக்கிறேன். உயரம் கூடக்கூடத் தாங்குதிறன் குறைந்து பலகை சிவப்பாகிவிடும், ஆகவே செங்குத்தான மலைச்சரிவில் எனக்கு இன்னும் கைகூடவில்லை.