“முடிவிலிச் சாய்வு” சரியா? மண்சறுக்கல் கணக்குக்கு ஒரு சொல் வேண்டும்

கயல்விழி:

வணக்கம். மண்பொறியியல் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்ஃபினிட் ஸ்லோப் அனாலிசிஸ் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பாறை இருந்த இடத்திலேயே சிதைந்து உண்டான மண், ஒன்றிரண்டு மீட்டர் கனத்தில் போர்வை மாதிரி மலைச்சரிவில் கிடக்கிறது. மழைநீர் அதற்குள் இறங்கி, அடியிலுள்ள பாறை தடுப்பதால், சரிவுக்கு இணையாகக் கீழ்நோக்கி ஓடுகிறது. அப்போது மேல்மண் சறுக்குமா என்று பார்க்கும் கணக்கு இது. “முடிவிலிச் சாய்வுப் பகுப்பாய்வு” என்று எழுதி வைத்திருக்கிறேன். காதுக்கு ஒட்டவில்லை. வேறு சொல் உண்டா?

இளங்கோ:

நான் கணக்கு வாத்தியார். எங்கள் பாடத்தில் சாய்வு என்பது ஓர் எண். கோடு செங்குத்தாக நெருங்க நெருங்க அந்த எண் முடிவிலியை நோக்கிப் போகும். ஆகவே முடிவிலிச் சாய்வு என்றால் நிமிர்ந்து நிற்கும் பாறைமுகம்தான். அதில் மண் எப்படித் தங்கும், நீர் எப்படிக் கசியும்? “செங்குத்துச் சாய்வு” என்றே எழுதிவிடலாமே.

கயல்விழி:

இல்லை ஐயா, அது முப்பது, முப்பத்தைந்து பாகைச் சரிவு. ஆனால் நீங்கள் அப்படிப் படித்தீர்கள் என்றால் மாணவர்களும் அப்படித்தான் படிப்பார்கள். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

பெரியசாமி:

முப்பது வருடமாக இந்தக் கணக்கைப் போடுகிறவன் என்பதால் ஒரு வார்த்தை. இதில் முடிவிலி எதுவும் இல்லை. மண்போர்வையை நெட்டுக்குத்தாக ஒரு துண்டு வெட்டி எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் துண்டும் கீழே இருக்கும் துண்டும் அதே கனம், அதே சாய்வு, அதே நீர். அதனால் இருபக்கமும் தள்ளுகிற விசைகள் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. மிஞ்சுவது துண்டின் எடையும் அடியில் இருக்கும் பிடிப்பும்தான். இப்படிக் கழித்துக்கொள்ளச் சரிவு ஆழத்தைவிடப் பல மடங்கு நீளமாக இருக்க வேண்டும். என் கைக்கணக்கில் பத்து மடங்காவது வேண்டும். ஸ்கெம்ப்டனும் டெலோரியும் 1957-இல் லண்டன் களிமண் சரிவுகளுக்கு இதே கணக்கைத்தான் போட்டார்கள்.

எனவே நீளத்தைச் சொன்னால் போதும். நெடுஞ்சாய்வு, நெடுஞ்சாலை மாதிரி. “நெடுஞ்சரிவு” வேண்டாம். நிலச்சரிவு என்று சொல்லிப் பழகியவர்களுக்கு, நெடுந்தூரம் சரிந்து வந்த மண் என்று படும்.

முத்துக்குமரன்:

நெடுஞ்சாய்வு நன்றாக இருக்கிறது. ஆனால் விஷயம் நீளத்தில் இல்லை, நீரில் இருக்கிறது. மண் நனைந்து கனக்கிறது, கனம் தாங்காமல் வழுக்குகிறது. “நீர்க்கனச் சறுக்கல்” என்று காரணத்தோடு பெயர் வைப்போமே.

பெரியசாமி:

தம்பி, நீர்தான் காரணம் என்பது சரி. கனம் என்பதுதான் இடிக்கிறது. எடை கூடினால் கீழே இழுப்பதும் கூடும், அடியில் அழுத்திப் பிடிப்பதும் கூடும்.

```
F = c'/(γ z sinβ cosβ) + (1 − m γw/γ) tanφ'/tanβ
```

F பாதுகாப்புக் காரணி, ஒன்றுக்குக் கீழே போனால் சறுக்கல். c' மண்ணின் ஒட்டுப்பிடிப்பு, φ' உராய்வுக் கோணம், β சரிவின் கோணம், γ கன மீட்டர் மண்ணின் எடை, γw கன மீட்டர் நீரின் எடை. m என்பது z ஆழ மண்ணில் எத்தனை பங்கு வரை நீர் ஏறியிருக்கிறது என்பது. m பூஜ்யமானால் இரண்டாவது உறுப்பில் மண்ணின் எடையே இல்லை பாருங்கள். எடையால் அடிபடுவது முதல் உறுப்பான ஒட்டுப்பிடிப்பு மட்டும்தான், அதுவும் கொஞ்சம். பெரிய அடி நுண்துளை நீரழுத்தத்தால் வருகிறது. அது மண்துகள்களைத் தூக்கி உராய்வைக் குறைக்கிறது. m முழுதாக ஒன்றானால் உராய்வுப் பங்கு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

தமிழினி:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். எனக்குச் சொல்லைவிடக் கணக்கில்தான் சந்தேகம். நான் கண்காணித்த ஒரு சரிவு: 35 பாகை, நீளம் முப்பது மீட்டர், பாறைக்கு மேல் 1.5 மீட்டர் மண். எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், c' 6 கிலோபாஸ்கல், φ' 34 பாகை. மண்ணின் அடி வரை ஒரு குழாய் இறக்கியிருந்தோம். மழையின் உச்சத்தில் குழாயில் நீர், அடியிலிருந்து 1 மீட்டர் உயரம் நின்றது. அதாவது நீர்மட்டம் தரைக்கு அரை மீட்டர் கீழே. m = 1/1.5 = 0.67 என்று போட்டேன். F 1.09 வந்தது. நிற்கும் என்று எழுதிக்கொடுத்தேன். அன்றிரவே சறுக்கிவிட்டது. மண்ணின் எண்கள் தப்பா?

பெரியசாமி:

குழாயின் அடி மட்டும் திறந்ததா, பக்கவாட்டிலும் துளை உண்டா? அன்று புல்மேல் நீர் மினுங்கியதா?

தமிழினி:

அடி மட்டும்தான் திறந்தது. புல் சொதசொதவென்று இருந்தது ஐயா. மழையால் என்று விட்டுவிட்டேன்.

பெரியசாமி:

அப்படியானால் மண்ணின் எண்களில் தப்பில்லை அம்மா. நீர் சரிவுக்கு இணையாக ஓடும்போது, நீரின் மொத்த ஆற்றல் சமமாக இருக்கும் கோடுகள் ஓட்டத்துக்குச் செங்குத்தாகக் கிடக்கும். அதனால் குழாயில் ஏறும் நீர், மண்ணிலுள்ள நீரின் நெட்டுக்குத்துத் தடிமனை cos²β-ஆல் பெருக்கிய அளவுதான். 35 பாகைக்கு அது 0.67. உங்கள் 1 மீட்டரை 0.67-ஆல் வகுத்தால் 1.49 மீட்டர். அதாவது நீர் தரை வரை வந்துவிட்டது. புல் அதைத்தான் சொல்லியிருக்கிறது. m = 1 என்று போட்டால் F 0.91.

குழாயின் உயரத்தை நேரே அழுத்தமாக எடுத்து, 9.81 கிலோபாஸ்கல் என்று கழித்திருந்தாலும் இதே விடைதான் வரும். நீங்கள் அதை நீரின் தடிமன் என்று எடுத்துக்கொண்டீர்கள். cos²β சூத்திரத்துக்குள் ஏற்கெனவே இருப்பதால் இரண்டு முறை குறைந்துவிட்டது.

கயல்விழி:

அக்காவின் வழக்கில் சொல்லும் ஒரு குற்றவாளி என்று தோன்றுகிறது. “நீர்மட்டம்” என்கிறோம். மட்டம் என்றாலே கொத்தனார் பிடிக்கும் மட்டம்தான் நினைவுக்கு வரும், கிடையாக இருப்பது. குழாயில் பார்த்த உயரத்தை அப்படியே தரைக்கு அடியில் கிடையாக இழுத்துவிடுகிறோம். இங்கே நீரின் மேல்பரப்பு சரிவோடு சேர்ந்து சாய்ந்திருக்கிறது. அதனால் “கசிநீர்ப் பரப்பு” என்று எழுதலாமா? ஓட்டத்துக்குச் “சாய்விணைக் கசிவு”. சொல் நீளமாகிறது என்று “இணை”யை விட்டுவிட்டு, வெறும் “கசிவு” என்று எழுத நினைத்திருந்தேன். இனி விடமாட்டேன்.

தமிழினி:

கசிநீர்ப் பரப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அறிக்கையில் “குழாய்நீர் உயரம்” என்று தனியாக ஒரு பத்தி வைக்கப் போகிறேன், இரண்டும் கலந்துவிடாமல்.

முத்துக்குமரன்:

கனத்தை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் நெடுஞ்சாய்வு என்ற பெயர், சறுக்குதளம் சாய்வுக்கு இணையாக, ஆழமில்லாமல் கிடக்கிறது என்பதைச் சொல்லவில்லையே. “மேற்படலச் சறுக்கல்” என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் என்ன?

பெரியசாமி:

அது நிகழ்வின் பெயர். நெடுஞ்சாய்வு முறையின் பெயர். இரண்டும் இருக்கட்டும். இன்னொன்று: நீர் முழுக்க ஏறாமலே, நனைந்ததாலேயே சறுக்கும் சரிவுகளும் உண்டு. உலர்ந்திருக்கும்போது துளைகளிலுள்ள ஈரம் துகள்களை இழுத்துப் பிடிக்கும், நனைந்தால் அந்தப் பிடி விட்டுவிடும். ஊறவைக்காத மாதிரியைச் சோதித்து வாங்கிய c-யை இந்தச் சூத்திரத்தில் போடாதீர்கள். அந்தப் பிடிக்குக் குறிப்பில் என்ன பெயர், கயல்?

கயல்விழி:

“உறிஞ்சுபிடிப்பு” என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். இருந்த இடத்திலேயே உண்டான மண்ணுக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. “எச்சமண்” என்று எழுதியிருந்தேன்.

இளங்கோ:

பறவை எச்சம் நினைவுக்கு வருகிறதே!

கயல்விழி:

அதனால்தான் ஐயா தயங்குகிறேன். “தங்குமண்” எப்படி?

முத்துக்குமரன்:

ஆற்றில் அடித்துவந்து தங்கியதும் தங்குமண்தானே.