சிறுதானிய முறுக்குக்குப் பெயர்: சாமையா, தினையா?

ரோஸ் ஹில், தொழில் தொடங்குபவர்:
அனைவருக்கும் வணக்கம். தினை மாவில் கொஞ்சம் அரிசி மாவும் சாமை மாவும் சேர்த்து முறுக்கு பிழிந்து இங்கே மொரீஷியஸில் விற்கப் போகிறோம். வெள்ளிக்கிழமை பொட்டலம் அச்சுக்குப் போகிறது. 'சாமை' என்று பெயர் வைக்க எனக்கு ஆசை. கிரியோல், பிரெஞ்சு, போஜ்பூரி பேசுகிறவர்களும் கடையில் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும். கீழே எழுத 'நொறுக்குத் தீனி'யைவிட நல்ல சொல் இருந்தாலும் சொல்லுங்கள்.

போர்ட் லூயிஸ், ஆசிரியை:
அக்கா, சாமை வேண்டாம். கிரியோலில் 'சா' என்றால் 'இந்த', 'மாய்' என்றால் சோளம். 'சாமாய்' என்று கடையில் கேட்டால் 'இந்தச் சோளம்' என்றுதான் காதில் விழும். சோளமே இல்லாத பொட்டலத்துக்கு அது பொய்ப்பெயர். போஜ்பூரிக்காரர்களுக்கு வேறு சிக்கல்: அவர்கள் 'சாமா' என்பது நம் குதிரைவாலியை.

தினை என்று வைத்தால் எழுத்தில்தான் கவனம் தேவை. ரோமன் எழுத்தில் கடைசியில் ஏ, ஐ இரண்டும் சேர்ந்து வந்தால் பிரெஞ்சுக்காரர் 'தினே' என்று வாசிப்பார். 'தி' கிரியோலில் 'சின்ன', 'நே' பிரெஞ்சில் மூக்கு. 'சின்ன மூக்கு' ஆகிவிடும்! ஐ மேல் இரண்டு புள்ளி வைத்தால் 'தினாய்' என்று பிரித்து வாசிப்பார்கள்.

வக்வா, ஓய்வுபெற்ற பொறியாளர்:
தினையே சரி. ஆனால் தமிழ்நாட்டுப் பொட்டலங்களில் இருப்பதுபோல் டி-க்குப் பின் ஹெச் போட வேண்டும், இல்லையென்றால் 'டினை' ஆகிவிடும். இன்னொன்று, தினை 'தின்' என்ற வேரிலிருந்து வந்தது. தின்பது எதுவோ அதுவே தினை. தின்பண்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? வள்ளுவரும் 'தினைத்துணை' என்று சின்ன அளவுக்கு இதைத்தானே எடுத்தார்.

போர்ட் லூயிஸ், ஆசிரியை:
ஐயா, குறள் சரி. வேர் விஷயம் ஓசை ஒத்துப்போவதால் வரும் எண்ணம்தான், சான்று வேண்டும். ஹெச் எழுத்தைப் பிரெஞ்சில் யாரும் ஒலிப்பதில்லை. அவர்களுடைய டி நம் 'த' மாதிரிப் பல்லில் படுகிற ஒலிதான், ஹெச் இல்லாமலே சரியாக வரும். ஹெச் போட்டால் ஆங்கிலக் கண்ணுக்கு முதல் நான்கு எழுத்தில் 'ஒல்லி' என்ற சொல் தெரியும், மெலியச் சாப்பிடும் பண்டம் என்று நினைப்பார்கள். இரண்டுசுழி னகரமா மூன்றுசுழி ணகரமா என்பது ரோமனில் தெரியாது. அதனால் தமிழெழுத்தில் பெயர் பெரிதாக இருக்கட்டும், 'திணை' என்று அச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கத்ர் போர்ன், சந்தைக் கடைக்காரர்:
நான் கம்பு மாவுக்குக் 'கம்பு' என்றே ஒட்டி விற்றேன். வண்டி பழுது பார்க்கும் ஒருவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். 'காம்புவி' என்றால் பிரெஞ்சில் அச்சில் கறுத்துப் படியும் மசகு, அதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அடுத்த முறை பெயரையே மாற்றினேன். ஆனால் ஒன்று, நம் முறுக்கை இந்த ஊரே 'மூல்கூ' என்று கூப்பிடுகிறது. அதையே ஏன் போடக் கூடாது? பண்டம் ருசியாக இருந்தால் எந்தப் பெயரும் ஓடும். 'காக்கா பிஜோன்', புறா எச்சம் என்ற பெயரிலேயே கடலைமாவுப் பொரியலை வாங்கித் தின்கிறோமே.

ரோஸ் ஹில், தொழில் தொடங்குபவர்:
தம்பி, மூல்கூ பண்டத்தின் பெயர், எல்லாக் கடையிலும் இருக்கிறது. எனக்கு வேண்டியது என் பொட்டலத்தைத் தனியாகக் காட்டுகிற பெயர். மூல்கூவைக் கீழ் வரியில் போடுகிறேன், வாங்குகிறவருக்கு உள்ளே என்ன என்று உடனே தெரியும்.

ரோஸ் பெல், பாட்டி:
'தீனி' வேண்டாம் கண்ணு. மாட்டுக்கும் கோழிக்கும் வைப்பதுதான் தீனி. சிறுதானியத்தை 'மியே' என்று பிரெஞ்சில் எழுதினாலே பலருக்குக் கூண்டுக் கிளிக்குப் போடும் மணி ஞாபகம் வரும். மேலே தானியம், கீழே தீனி என்றால் பறவைக் கடைச் சாமான்தான். 'தினை முறுக்கு' போதும். வள்ளி காவல் காத்த தினை என்று காவடிக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம்.

ரோஸ் ஹில், தொழில் தொடங்குபவர்:
நேற்று ஒரு சோதனை செய்தேன். தினையை இரண்டு புள்ளியோடு அட்டையில் எழுதி, பக்கத்துக் கடைகளில் ஆறு பேரிடம் வாசிக்கக் கொடுத்தேன். நான்கு பேர் 'தினாய்' என்றார்கள், ஒருவர் 'தினே', ஒருவர் 'டினை'. அப்புறம் தொலைபேசியில் இருவரிடம் பெயரை மட்டும் சொல்லி எழுதச் சொன்னேன். இரண்டுமே சரி, புள்ளி மட்டும் இல்லை. புள்ளியில்லாமல் இணையத்தில் தேடுவார்கள், அந்த எழுத்திலும் பக்கம் எடுத்து வைக்க வேண்டும்.

தினையே போகட்டும். ஆனால் மாவில் அரிசி பாதிக்கு மேல் இருந்தால் அந்தப் பெயர் ஏமாற்று. தினையை மூன்றில் இரண்டு பங்காக உயர்த்திப் பிழிந்தேன், நான்காவது சுற்றிலேயே உடைந்துவிட்டது. வெந்நீரில் பிசைந்து பார்க்கிறேன்.

வக்வா, ஓய்வுபெற்ற பொறியாளர்:
தினைக்கு என் வாக்கு உண்டு. ஹெச் இல்லாததற்கு மட்டும் இல்லை.