பொருள்: மாடல் மாறியதும் பதில்கள் மோசமாவதற்கு என்ன பெயர்?

மாலதி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சாட்பாட் நடத்துகிறவர்களுக்காக ஒரு கண்காணிப்புக் கையேடு எழுதிவருகிறேன். லாக்குக்குப் பதிவு, மெட்ரிக்குக்கு அளவீடு, அலர்ட்டுக்கு எச்சரிக்கை என்று வைத்துவிட்டேன். ஒன்றுக்குத்தான் சொல் அமையவில்லை. சாட்பாட்டுக்கு அடியில் இருக்கும் மொழி மாடலின் புதிய பதிப்பு வருகிறது. சர்வர் ஓடுகிறது, பிழை எதுவும் இல்லை, பதில் வரும் நேரமும் பழையபடியே. பதில்களின் தரம் மட்டும் இறங்குகிறது. ‘தரக்குறைவு’ என்று எழுதினால் முதலிலிருந்தே மட்டமான பாட் என்று ஆகிவிடுகிறது. முன்பு நன்றாக இருந்தது, பதிப்பு மாறியதால் இறங்கியது, இரண்டும் சொல்லில் தெரிய வேண்டும்.

கார்த்திக் எழுதியது:

மாலதி அக்கா, புதுச்சொல் எதற்கு? முன்பு ஓடியது புதிய பதிப்பில் ஓடவில்லை என்றால் மென்பொருள் சோதனைக்காரர்கள் ‘பின்னடைவு’ என்றுதானே சொல்கிறோம். அதுவே போதும்.

இதைப் பிடிப்பதும் பெரிய வேலை இல்லை. எங்கள் டேஷ்போர்டில் சர்வர் பக்கத்து 5xx பிழை விகிதம், நூற்றில் தொண்ணூற்றைந்து பதில்கள் எவ்வளவு நேரத்துக்குள் வருகின்றன என்று காட்டும் `p95` பதில்நேரம், மனித உதவியாளருக்குக் கைமாறும் விகிதம் மூன்றும் இருக்கின்றன. பதில் மோசமானால் ஆட்கள் மனிதரிடம் பேச வேண்டும் என்பார்கள், கைமாற்றம் ஏறும், அலர்ட் அடிக்கும்.

தேவகி எழுதியது:

கார்த்திக், அந்த மூன்றாவது அளவீட்டை நம்பித்தான் பல குழுக்கள் ஏமாறுகின்றன. நான் வேலை பார்த்த ஒரு பேருந்து டிக்கெட் தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

டிக்கெட் ரத்து பற்றிக் கேட்டால், பாட் முதலில் அந்தப் பேருந்து நிறுவனத்தின் ரத்து விதியை ஒரு டூல் வழியாக எடுத்துப் பார்க்க வேண்டும். தெளிவில்லை என்றால் மனிதரிடம் கைமாற்ற வேண்டும். பழைய பதிப்பு இப்படித்தான் நடந்துகொண்டது. புதிய பதிப்பு வந்ததும் கைமாற்றம் ஏறவில்லை, இறங்கியது. நூற்றுக்கு இருபது அளவில் இருந்தது பன்னிரண்டுக்கு வந்தது. கட்டைவிரல் மேல்நோக்கிய ஓட்டுகள்கூடக் கூடின. மேலாளர்கள் மகிழ்ந்தார்கள். உண்மையில் பாட் விதியைப் பார்க்காமலே, “உங்கள் பணம் முழுவதும் திரும்ப வரும்” என்று கனிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டவர் நிம்மதியாகப் போய்விடுவார். பணம் வராதபோதுதான் அதே டிக்கெட் எண்ணோடு மறுபடி வருவார்.

ஆகவே உண்மையைக் காட்டிய முதல் அளவீடு, ஒரே டிக்கெட் எண்ணுக்காக மூன்று நாளுக்குள் திரும்பி வருவோர் விகிதம். ஆனால் அது தாமதமாக வரும் செய்தி. அது ஏறுவதற்குள் சேதம் நடந்துவிடும். அதே மணிநேரத்தில் காட்டக்கூடியது வேறொன்று: ரத்து பற்றிய உரையாடல்களில் எத்தனையில் டூல் அழைக்கப்பட்டது? பழைய பதிப்பில் ஏறக்குறைய எல்லாவற்றிலும். புதியதில் பாதிக்குச் சற்று மேல்.

இதைக் கணக்கிடப் பதிவில் இவை இருந்தாக வேண்டும்:

```
{"conv":"c-48213","model_asked":"latest",
 "model_served":"2025-06-09","intent":"cancel",
 "tools":[],"handover":false,"status":200}
```

`status` 200, அதாவது பிழை இல்லை என்றே இருக்கிறது பாருங்கள். நோய் `tools` என்பதில் இருக்கிறது: வெறும் பட்டியல். இன்னொன்று, நாம் கேட்ட மாடல் பெயரை மட்டும் பதிந்தால் போதாது. எந்தப் பதிப்பு பதில் தந்தது என்பதை, சேவை திருப்பித் தரும் விடையிலிருந்து எடுத்துப் பதிய வேண்டும். இல்லையென்றால் வரைபடம் என்றைக்கு இறங்கியது என்று தெரியும், ஏன் என்று தெரியாது.

எச்சரிக்கையை இரண்டு மணிநேரச் சராசரியில் வைத்தோம். இரவில் நாலைந்து ரத்துக் கேள்விதான் வரும், விகிதம் தாறுமாறாக ஆடும். ஐம்பது உரையாடலாவது சேர்ந்தால்தான் அடிக்க வேண்டும் என்று நிபந்தனை சேர்த்த பிறகே நள்ளிரவுப் பொய் எச்சரிக்கைகள் நின்றன.

சிவநேசன் எழுதியது:

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன், கணினி அறிவு குறைவு. என் அனுபவம் இதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். சமையல் எரிவாயு பதியும் பாட் முன்பெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லும். விலை, மானியம், கே.ஒய்.சி. என்று மக்கள் புதுப்புதுக் கேள்வி கேட்கத் தொடங்கியதும் சம்பந்தமில்லாமல் பேசுகிறது. மக்களிடம் கேட்டுக் கேட்டுக் கெட்டுப்போயிற்று போலும். மெல்ல மெல்ல நடப்பதால் ‘நழுவல்’ என்று சொல்லலாமே.

தேவகி எழுதியது:

ஐயா, நல்ல சொல். ஆனால் அது வேறொரு நோய்க்குப் பொருந்தும். நீங்கள் சொல்வதில் பாட் அப்படியே இருக்கிறது, கேள்விகள் மாறிவிட்டன. மக்கள் பேசுவதைக் கேட்டு அது தானாகக் கற்றுக்கொள்வதும் பெரும்பாலும் இல்லை. வரைபடத்தில் நழுவல் வாரக்கணக்கில் சாயும். மாலதி கேட்பது பதிப்பு மாறிய நாளில் படிக்கட்டு போலச் சட்டென்று இறங்கும். சந்தேகம் இருந்தால் பழைய கேள்விகளையே எடுத்து இரண்டு பதிப்புக்கும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதே கேள்விக்குப் புதிய பதிப்பு மட்டும் தடுமாறினால் குற்றம் கேள்வியில் இல்லை.

ரஃபீக் எழுதியது:

இறங்கியது, சரிந்தது என்ற முடிவைச் சொல்லிலேயே ஏற்றுவதுதான் எனக்கு உறுத்துகிறது. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி ஆய்வாளர்கள் ஜிபிடி-4-இன் மார்ச், ஜூன் பதிப்புகளை ஒப்பிட்டார்கள். அப்படியே ஓடக்கூடிய நிரல் 52 விழுக்காட்டிலிருந்து 10-க்கு வந்துவிட்டது என்றார்கள். மாடல் மட்டமாகிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. முக்கியமான காரணம், ஜூன் பதிப்பு நிரலைச் சுற்றி மூன்று பேக்டிக் குறி போட்டு அலங்கரித்தது. அதை நீக்காமல் ஓட்டிப் பார்த்ததால் தோல்வி. நடத்தை மாறியது, திறன் குறைந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஓட்டுகளைப் பற்றித் தேவகி சொன்னதற்கும் சாட்சி உண்டு. 2025 ஏப்ரல் 25-இல் வந்த ஜிபிடி-4ஓ புதுப்பிப்பு பயனர்களை அளவுக்குமீறிப் புகழ்ந்து, சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டது. 28-ஆம் தேதி திரும்பப் பெறத் தொடங்கினார்கள். முன்சோதனைகளும், சில பயனர்களுக்கு மட்டும் புதியதைத் தந்து பழையதோடு ஒப்பிடும் ஏ/பி சோதனையும் நன்றாகவே இருந்தன என்றும், பேசிப்பார்த்த சில சோதனையாளர்களுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டது என்றும் ஓப்பன்ஏஐ நிறுவனமே பிறகு எழுதியது. கட்டைவிரல் ஓட்டைப் பயிற்சியில் கூடுதலாகச் சேர்த்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றது.

மாலதி எழுதியது:

அப்படியானால் இரண்டு சொல் வைக்கிறேன். எச்சரிக்கை காட்டுவது ‘பதிப்பு வேறுபாடு’. ஆள் உட்கார்ந்து முப்பது நாற்பது உரையாடலை வாசித்து, தரம் இறங்கியதுதான் என்று உறுதிசெய்த பிறகு அது ‘பதிப்புச் சரிவு’. கேள்விகள் மாறுவதால் மெல்ல வருவது ஐயா தந்த ‘நழுவல்’. ‘பின்னடைவு’ கையேட்டின் சோதனை அத்தியாயத்தில் இருக்கட்டும். அது தேர்வில் தோற்ற ஒரு குறிப்பிட்ட சோதனையைச் சொல்கிறது, நான் தேடியது நேரலையில் நடப்பதை.

சிவநேசன் எழுதியது:

‘பதிப்புச் சரிவு’ என்றால் நூல் விற்பனை சரிந்தது என்றே என் போன்றோர் படிப்பார்கள் அம்மா. ‘மாடல்’ என்ற சொல்லை முன்னால் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

கார்த்திக் எழுதியது:

‘பின்னடைவு’தான் எனக்கு இன்னும் இயல்பாக வருகிறது, இருக்கட்டும். கைமாற்றம் இறங்கினாலும் அடிக்கும்படி அலர்ட்டை இரண்டு பக்கமும் மாற்றிவிட்டேன். ஒரு சிக்கல், தேவகி அக்கா. எங்கள் சேவை எந்தப் பதிப்பு பதில் தந்தது என்று சொல்வதே இல்லை. எப்போதும் ஒரே பெயர்தான் திரும்பி வருகிறது.

தேவகி எழுதியது:

அப்படியென்றால் மாறாத கேள்வித் தொகுப்பு ஒன்றை வைத்துத் தினமும் விடியலில் ஓட்டுங்கள். சரியான விடை உங்களுக்கு முன்பே தெரிந்த கேள்விகளாக இருக்கட்டும், டூல் அழைக்க வேண்டியவை பாதியாவது இருக்கட்டும். டூல் அழைப்பு, பதிலின் நீளம், கைமாற்றம் மூன்றையும் முந்தைய நாட்களோடு ஒப்பிடுங்கள். ஒரே கேள்விக்கும் பதில் நாளுக்கு நாள் சற்று மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் சில தடவை கேட்க வேண்டும். மூன்றும் ஒரே நாளில் குதித்தால் அந்தத் தேதியையே பதிப்புப் பெயராகப் பதிவில் எழுதிவிடுங்கள். சேவை சத்தமில்லாமல் ஒரு பகுதிப் பயனர்களுக்கு மட்டும் புதியதைத் தந்தால் இது பிடிக்காமல் போகலாம். அதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை, யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.